செவ்வாய் காலை பத்து மணிக்கு ஒரு மணியோசை

லண்டனின் டூட்டிங்கிலோ ஈஸ்ட்ஹாமிலோ ஒரு தமிழ் உணவகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தரைத்தளத்தில் நாற்பது பேர் உட்காரும் கூடம், பின்னால் சமையலறை. கீழே நிலவறையில் அரிசி மூட்டைகளும், ஆள் நுழையக்கூடிய குளிர் அறையும். மேல்மாடியில் பிறந்தநாள், வளைகாப்புக்கு வாடகைக்கு விடும் சின்ன மண்டபம். முதலாளி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாகிறது. வேலை செய்கிறவர்கள் பதினொரு பேர்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு மேலாளர் சின்னதொரு பிளாஸ்டிக் சாவியோடு கிளம்புகிறார். சுவரில் இருக்கும் சிவப்புப் பெட்டி ஒன்றின் அடியில் அதைச் செருகுகிறார். தீ என்றால் கண்ணாடியை அழுத்தச் சொல்லும் பெட்டி அது. சாவி உள்ளே போனதும் கண்ணாடி அழுத்தப்பட்டது போலவே கட்டடம் முழுக்க மணி அலறுகிறது. ஒரு நிமிடத்துக்குள் அணைத்துவிட்டு, மாவுக் கறை படிந்த ஒரு நோட்டைத் திறந்து ஒரு வரி எழுதுகிறார். அந்த நோட்டுதான் தீப் பாதுகாப்புப் பதிவேடு. பிரிட்டனில் முடிதிருத்தகம் முதல் மளிகைக்கடை வரை சிறு தொழில் நடத்துகிற பலரும் ‘ஃபயர் லாக் புக்’ என்று சொல்வது இதைத்தான்.

சட்டத்தில் ‘லாக் புக் வைத்துக்கொள்’ என்று அந்தப் பெயரிலேயே ஒரு வரி கிடையாது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும் 2005ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்பு ஆணை 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அது ‘பொறுப்பாளர்’ என்று ஒருவரை நிறுத்துகிறது. சிறு கடையில் அது பெரும்பாலும் முதலாளிதான். எச்சரிக்கை மணியும் தீயணைப்பான்களும் அவசரக் கதவுகளும் நல்ல நிலையில் வேலை செய்யும்படி பராமரிப்பது அவர் கடமை. பராமரித்தேன் என்று எப்படிக் காட்டுவது? வாயால் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். நோட்டு அங்கேதான் தேவைப்படுகிறது. முன்பெல்லாம் ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருந்தவர்கள் தீ அபாய மதிப்பீட்டை எழுத்தில் வைக்க வேண்டியதில்லை என்ற சலுகை இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் அது போய்விட்டது. இரண்டு பேர் நிற்கும் கடையாக இருந்தாலும் மதிப்பீட்டையும் தீப் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் முழுதாக எழுதி வைக்க வேண்டும்.

இனி அந்த உணவகத்தின் நோட்டைப் புரட்டுவோம்.

முதல் பகுதி வாரச் சோதனை. தேதி, நேரம், எந்தப் பெட்டி, மணி எங்கெல்லாம் கேட்டது, குறை என்ன, செய்தவர் யார் என்று ஆறு பத்திகள். மூன்றாவது பத்தியைத்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். இந்த உணவகத்தில் ஆறு பெட்டிகள். வாசலில் முதலாவது, சமையலறைப் பின்கதவருகே இரண்டாவது, நிலவறைப் படியில் மூன்றாவது, கூடத்தின் ஓரத்தில் நான்காவது, மேல்மாடிப் படிமுகப்பில் ஐந்தாவது, மண்டபத்துக்குள் ஆறாவது. மணியைக் கட்டுப்படுத்தும் பேனல் வாசலருகே இருப்பதால் முதல் பெட்டியையே வாராவாரம் சோதிப்பது சோம்பலுக்குச் சுகம். அப்படிச் செய்தால் அந்த ஒரு பெட்டி நன்றாக இருக்கிறது என்று வருடத்துக்கு ஐம்பத்திரண்டு தடவை தெரிந்துகொள்ளலாம். மற்ற ஐந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. சுவருக்கு வர்ணம் அடித்தவர் ஒரு பெட்டியின் மேலும் சேர்த்து அடித்திருப்பார். ஈரச் சுவரில் ஒன்றின் உள்தொடர்பு துருப்பிடித்திருக்கும். ஆகவே வாரம் ஒரு பெட்டி என்று சுழற்ற வேண்டும். மார்ச் 4 முதல் பெட்டி, 11 இரண்டாவது, 18 மூன்றாவது. ஆறே வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

பிரிட்டனில் எச்சரிக்கை மணிகளுக்கான பிஎஸ் 5839 என்ற தரக் குறியீடு இந்தச் சோதனையை ஏறக்குறைய ஒரே நேரத்தில் செய்யச் சொல்கிறது. மணி ஒரு நிமிடத்துக்கு மேல் அடிக்கவும் கூடாது. செவ்வாய் பத்து மணிக்குச் சற்றே அடித்து ஓய்ந்தால் அது சோதனை, வேறெப்போது அடித்தாலும், அல்லது நிற்காமல் அடித்தாலும் அது நிஜம் என்று ஊழியர்களின் காதுக்குப் பழக்கப்படுத்துவதற்காகத்தான். மாலை ஐந்து மணிக்கு மேல்தான் வேலைக்கு வருகிறவர்கள் அந்த மணியைக் கேட்டே இருக்கமாட்டார்களே? அவர்களுக்காக மாதம் ஒரு தடவையாவது அவர்கள் இருக்கும் நேரத்தில் கூடுதலாகச் சோதிக்க வேண்டும். மணி தொலைவிலுள்ள கண்காணிப்பு நிலையத்தோடு இணைக்கப்பட்டிருந்தால் முதலில் அவர்களுக்கு ஃபோன் செய்து ‘சோதனை’ என்று சொல்லிவிட வேண்டும். முடிந்ததும் மறுபடி ஃபோன் செய்து ‘முடிந்தது’ என்று சொல்ல வேண்டும். இரண்டாவது ஃபோனை மறந்தவர்கள் உண்டு. அதன் பிறகு வரும் நிஜத் தீயையும் கண்காணிப்பு நிலையம் சோதனை என்றே எடுத்துக்கொள்ளும்.

மார்ச் 18ஆம் தேதி வரியில் மேலாளர் டிக் மட்டும் போடவில்லை. ‘மூன்றாம் பெட்டி சரி. குளிர் அறைக் கதவு மூடியிருந்தால் உள்ளே மணி கேட்கவில்லை’ என்று எழுதியிருக்கிறார். குளிர் அறையின் சுவர் தடித்த காப்புப் பலகையால் ஆனது, உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருக்கும். அன்று தற்செயலாக ஒருவர் மீன் எடுக்க உள்ளே போயிருந்தார், வெளியே வந்து ‘என்ன அண்ணே, இன்றைக்கு மணி அடிக்கவில்லையா?’ என்று கேட்டார். அந்தக் கேள்வி நோட்டில் ஏறியது. குறைகளுக்கான பக்கத்தில் அதற்கு 7 என்று எண் கொடுத்து, பராமரிப்பு நிறுவனத்துக்குச் சொன்ன நாள், குளிர் அறைக்குள் சுழல்விளக்கோடு ஒலிப்பான் பொருத்திய நாள், மறுபடி சோதித்த நாள் மூன்றும் எழுதப்பட்டன. இடைப்பட்ட பன்னிரண்டு நாளில் என்ன செய்தார்கள் என்பதும் இருக்கிறது: ‘உள்ளே போகிறவர் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வெளியே இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.’

நல்ல பதிவேட்டுக்கும் வெறும் நோட்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் தெரியும். குறை கண்ட நாள், சரிசெய்த நாள், நடுவில் என்ன ஏற்பாடு என்ற மூன்றும் சேர்ந்து இருந்தால் அந்த வரி முடிந்தது. முதலாவது மட்டும் இருந்தால், முதலாளிக்கு ஆபத்து தெரிந்திருந்தும் ஒன்றும் செய்யவில்லை என்பதற்கு அவரே எழுதிக் கொடுத்த சாட்சி அது. அதற்குப் பயந்து குறையை எழுதாமலே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம்.

நோட்டில் மிகச் சுவையான பக்கம் பொய்யான எச்சரிக்கைகளுடையது. தீ இல்லாமலே மணி அடித்த ஒவ்வொரு தடவையும் அங்கே இருக்கிறது. பிப்ரவரி 13, காலை 11.35. பிப்ரவரி 22, 11.40. மார்ச் 1, 11.20. மார்ச் 8, 11.30. எல்லாவற்றுக்கும் காரணம் பத்தியில் ‘சமையல் புகை’ என்று இருக்கிறது. எல்லாமே சமையலறைக்கு வெளியே நடைபாதையின் கூரையிலிருக்கும் புகை உணரி கிளப்பியவை. சமையலறைக்குள் இருப்பது வெப்ப உணரி. தாளிக்கும் இடத்தில் புகை உணரி வைத்தால் கடை நடக்காது என்பதால் அப்படி.

பத்தரை மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு தமிழ்ச் சமையலறையில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மிளகாய் கருகி, கடுகு வெடித்து, ஆள் இருமும் நேரம். ஆனால் அந்தத் தாளிப்பு வருடம் பூராவும்தான் நடக்கிறது. பிப்ரவரி 13க்கு முன்னால் ஆறு மாதம் ஒரு பொய் எச்சரிக்கைகூட இல்லையே, ஏன்? பராமரிப்பு நிறுவனத்தின் பொறியாளர் அந்தக் கேள்வியோடு பழுதுப் பக்கத்தைத் திருப்பினார். பிப்ரவரி 10: ‘அடுப்பின் மேல் புகைபோக்கி விசிறி சத்தம் போடுகிறது, பெல்ட் தளர்ந்திருக்கிறது, புதிதுக்குச் சொல்லியிருக்கிறோம்.’ விசிறி மெதுவாகச் சுற்றியதால் புகை மேலே போகாமல் நடைபாதைக்கு வந்திருக்கிறது. மார்ச் 11 புது பெல்ட் மாட்டினார்கள். அதோடு பொய் எச்சரிக்கை நின்றது. உணரியை மாற்றவும் இல்லை, இடம் நகர்த்தவும் இல்லை. தனித்தனியாக யாரும் பொருட்படுத்தாத இரண்டு பக்கங்களின் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் காரணம் தானாக வெளியே வந்துவிட்டது.

கதையில் ஒரு கறுப்பு வரியும் உண்டு. மார்ச் 9: ‘நடைபாதை உணரியின் மேல் ரப்பர் கையுறை மாட்டப்பட்டிருந்தது. கழற்றியாயிற்று. எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லப்பட்டது.’ சனிக்கிழமை மதியக் கூட்டத்தில் மணி அடித்து வாடிக்கையாளர்கள் எழுந்து போனதில் எரிச்சலடைந்த யாரோ செய்த வேலை. பொய் எச்சரிக்கையின் நிஜ ஆபத்து இந்தக் கையுறைதான்: முதலில் மணியை அலட்சியம் செய்வார்கள், அப்புறம் வாயை அடைத்துவிடுவார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செவ்வாய்ச் சோதனையில் இந்தக் கையுறை பிடிபடாது. சிவப்புப் பெட்டியும் பேனலும் மணியும் வேலை செய்வதை மட்டுமே அந்தச் சோதனை காட்டும், கூரையில் இருக்கும் உணரிகளைப் பற்றி எதுவும் சொல்லாது. பேனலுக்கும் கையுறை தெரியாது, ‘எல்லாம் சரி’ என்று பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். உணரிகளைச் செயற்கைப் புகை தெளித்துப் பார்ப்பது ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது வரும் பொறியாளரின் வேலை. ஒரு வருடச் சுற்றுக்குள் எல்லா உணரிகளும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே செவ்வாய்தோறும் மணியடித்த கையோடு தலையை நிமிர்த்தி கூரையையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும் என்று அந்த உணவகத்தின் நோட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்.

கையுறைக்கு ஒரு நாகரிகமான தம்பியும் உண்டு. அதன் பெயர் ‘தற்காலிக நிறுத்தம்’. மேல்மாடியில் சுவரைத் துளையிட்டுத் தூசி கிளம்பும் வேலை நடந்தால் அந்தப் பகுதியின் உணரிகளை மட்டும் பேனலில் நிறுத்தி வைக்கலாம். தவறில்லை. வேலை முடிந்ததும் மறுபடி இயக்க மறப்பதுதான் தவறு. பேனலில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், இரண்டு நாளில் அது கண்ணுக்குப் பழகிவிடும். நிறுத்திய நேரத்தை எழுதும்போதே ‘திரும்ப இயக்கிய நேரம்’ என்று பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம் போட்டுவிட்டால் அந்தக் கட்டம் நாள்தோறும் உறுத்தும். நிறுத்திய நேரத்தில் அந்தத் தளத்தை யார் சுற்றிப் பார்த்தார், தீ கண்டால் எதை ஊதி எல்லோரையும் எழுப்புவார் என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும்.

தீயணைப்பான்களுக்கு வருவோம். பிரிட்டனில் எல்லாமே சிவப்பு உடம்புதான். மேலே ஒரு பட்டை நிறத்தால்தான் வகை தெரியும். கறுப்பு என்றால் கார்பன் டை ஆக்சைடு, மின்சாதனங்களுக்கு. வெளிர் மஞ்சள் என்றால் நுரை. பளிச்சென்ற மஞ்சள் என்றால் எண்ணெய்ச் சட்டித் தீக்கான ஈர வேதிப்பொருள். வடை, மிக்ஸர் பொரிக்கிற சமையலறைக்கு இதுதான் உயிர்நாடி. எரியும் எண்ணெய்மேல் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்பது சமையல்காரர்களுக்குத் தெரியும்.

மாதம் ஒரு தடவை கடைக்காரரே பார்க்க வேண்டியவை எளியவை. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா? முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கி மறைத்திருக்கிறதா? பாதுகாப்பு ஊசியும் அதைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் முத்திரையும் அறுபடாமல் இருக்கின்றனவா? அழுத்தமானி இருந்தால் முள் பச்சையில் நிற்கிறதா? குழாய் வெடித்திருக்கிறதா, அடி துருப்பிடித்திருக்கிறதா? ஐந்து நிமிட வேலை. ஆனால் ‘எல்லாம் சரி’ என்று ஒரே வரியில் எழுதினால் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் ஒட்டி, எண்வாரியாக எழுத வேண்டும். இந்த உணவகத்தில் ஏழு இருக்கின்றன. ஏப்ரல் மாதப் பக்கத்தில் ‘எண் 4 இடத்தில் இல்லை, பின்கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது’ என்று இருக்கிறது. தீயணைப்பானைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தாத கடை உலகத்தில் இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

முத்திரை அறுந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். யாராவது விளையாட்டுக்கு ஒரு நொடி அழுத்திப் பார்த்திருக்கலாம். கார்பன் டை ஆக்சைடு வகைக்கு அழுத்தமானி கிடையாது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அறிய எடைபோடுவது ஒன்றே வழி. இரண்டு கிலோ வாயு கொண்ட ஒன்றில் பத்து சதவீதம், அதாவது இருநூறு கிராம், குறைந்தாலே அதை மறுபடி நிரப்ப வேண்டும். கையில் தூக்கிப் பார்த்தால் இருநூறு கிராம் வித்தியாசம் யாருக்கும் தெரியாது. வருடம் ஒரு தடவை வரும் தேர்ச்சி பெற்ற பணியாளர் தராசோடு வந்து, எடையைப் பழைய எடையோடு ஒப்பிட்டு, லேபிளில் எழுதிவிட்டுப் போவது அதனால்தான். அந்த எடையை நோட்டிலும் எண்ணுக்கு நேராக எழுதி வைத்தால் வருடத்துக்கு வருடம் மெதுவாகக் கசிகிற ஒன்றைப் பிடித்துவிடலாம். நீர், நுரை, பொடி வகைகளை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை முழுதாகக் காலி செய்து சோதித்து நிரப்ப வேண்டும், கார்பன் டை ஆக்சைடுக்குப் பத்து வருடம். ஐந்து வருடத்தில் கடையில் மேலாளர் மூன்று பேர் மாறியிருப்பார்கள். அந்தத் தேதியை நினைவில் வைத்திருக்கப் போவது நோட்டு மட்டும்தான்.

அடுத்தது வெளியேறும் ஒத்திகை. பிரிட்டிஷ் அரசின் வழிகாட்டுதல் வருடத்துக்கு ஒன்றாவது நடத்தி, நடந்ததைப் பதிவு செய்யச் சொல்கிறது. இந்த உணவகத்தின் முதல் ஒத்திகைப் பக்கம் ஒரு தோல்வியின் குறிப்பு. மேலாளர் அதைச் செவ்வாய் காலை பத்து மணிக்கு வைத்துவிட்டார்! வாரச் சோதனை என்று நினைத்து ஒருவர்கூட நகரவில்லை. பாத்திரம் கழுவுகிறவர் பாட்டை நிறுத்தவே இல்லை. இரண்டு நிமிடம் கழித்து அவர் கூடத்துக்கு வந்து கத்திய பிறகுதான் ஆட்கள் கிளம்பினார்கள். கடைசி ஆள் வெளியே வர நான்கு நிமிடம் பத்து நொடி. பின்கதவு பாதிதான் திறந்தது, வெளியே அன்று இறக்கிய அரிசி மூட்டைகள். சமையல்காரர் அடுப்பை அணைத்தார், ஆனால் வாயுவின் முதன்மை வால்வை மூடுவது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் ஃபோனை எடுக்கத் திரும்பிப் போனார். எல்லாம் நோட்டில் இருக்கிறது.

இரண்டாவது ஒத்திகை மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழன் மாலை. இரண்டு நிமிடத்துக்குள் எல்லோரும் வெளியே. வால்வை மூடுகிறவர் பெயர் எழுதப்பட்டிருந்தது, அவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதும். மூட்டைகள் இறக்கும் இடம் மஞ்சள் கோட்டால் மாற்றப்பட்டிருந்தது. முதல் பக்கத்தை யாரும் கிழித்துப் போடவில்லை. அது இருப்பதால்தான் இரண்டாவது பக்கத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

உணவகத்துக்கு இதில் தனிப் பாடம் ஒன்று உண்டு. 1979 மே 8 அன்று மான்செஸ்டர் நகரின் வூல்வொர்த்ஸ் கடையில் இரண்டாம் மாடியில், விற்பனைக்கு அடுக்கியிருந்த பாலியூரித்தேன் நுரை மெத்தை இருக்கைகளில் தீப்பிடித்து, பத்துப் பேர் இறந்தார்கள். அதே மாடியில் உணவகமும் இருந்தது. புகையைக் கண்ட பிறகும் சாப்பாட்டை முடிக்கவும் பணம் கட்டவும் மேசையில் தங்கியவர்கள் இருந்தார்கள். இன்றுவரை தீத்தடுப்புப் பயிற்சிகளில் இந்தச் சம்பவம் சொல்லப்படுகிறது. மணி அடித்தால் மனிதன் ஓடுவான் என்று நாம் நினைக்கிறோம். மனிதன் செய்துகொண்டிருந்த காரியத்தை முடிக்கவே பார்க்கிறான், அதிலும் காசு கொடுத்த சாப்பாடென்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே ஒத்திகைப் பதிவில் ‘வாடிக்கையாளரிடம் பணம் வாங்க வேண்டாம், எழுப்பி அனுப்ப வேண்டும், இன்ன மேசைகளுக்கு இன்னார்’ என்பது வரை இருக்க வேண்டும். சட்டம் ஊழியருக்குத் தரும் தகவல் அவருக்கு விளங்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. எல்லோரும் தமிழ் பேசும் சமையலறையில் ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை ஒட்டிவிட்டு, ‘பயிற்சி கொடுத்தேன்’ என்று எழுதினால் அது நிற்காது.

பயிற்சிப் பக்கத்தைக் காலியாக விட்டவர்களுக்கு ஒரு பெரிய கடையின் கதை. லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் நியூ லுக் துணிக்கடை 2007 ஏப்ரலில் எரிந்தது. யாரும் இறக்கவில்லை. 2009இல் நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு 4 லட்சம் பவுண்ட் அபராதம் விதித்தது. தீ எப்படிப் பிடித்தது என்பதற்காக அந்த அபராதம் விதிக்கப்படவில்லை. தகுந்த அபாய மதிப்பீடு செய்யாததற்கு 2.5 லட்சம், ஊழியருக்குப் போதிய பயிற்சி கொடுக்காததற்கு 1.5 லட்சம்.

தீயணைப்புத் துறையின் ஆய்வாளர் கடைக்கு வந்தால் நோட்டை எப்படிப் படிப்பார்? வரிசையாக ஐம்பத்திரண்டு டிக், ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரு குறைகூட இல்லை என்றால் அவருக்குச் சந்தேகம் வரும். கடை பூட்டியிருந்த டிசம்பர் 25ஆம் தேதி காலை பத்து மணிக்கும் ஒரு டிக் இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். முகவரி காட்டும் நவீன பேனல்கள் பலவற்றில் எப்போது எந்தப் பெட்டி அழுத்தப்பட்டது என்று தேதி நேரத்தோடு சேமிக்கும் நினைவகம் இருக்கிறது. நோட்டையும் அதையும் பக்கத்தில் வைத்தால் ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்து மூன்று மாதத்துக்குச் சேர்த்து எழுதியது வெளிப்பட்டுவிடும். ஒரு வாரம் விட்டுப்போனால் ‘மேலாளர் நோய்வாய்ப்பட்டார், சோதனை நடக்கவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வாரம் தொடர்வதே நல்லது. இந்த விஷயத்தில் ஒரு சின்னப் பொறியும் உண்டு. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள். பேனலின் கடிகாரம் தானாக நகராத வகையாக இருந்தால் ஏப்ரல் முதல் தேதியின் பத்து மணிச் சோதனை பேனலில் ஒன்பது மணி என்று பதிவாகும். நோட்டில் ‘பேனல் கடிகாரம் சரிசெய்யப்பட்டது’ என்ற வரி இருந்தால் பிரச்சினை இல்லை.

குறைகளின் கடுமைக்கு ஏற்ப ஆய்வாளர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகலாம், திருத்தச் சொல்லி அறிவிப்புத் தரலாம், உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் கட்டடத்தையோ அதன் ஒரு பகுதியையோ பயன்படுத்தத் தடை விதிக்கலாம். வழக்கு என்று போனால் வரம்பில்லாத அபராதமும் இரண்டு வருடம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கின்றன. நல்ல நோட்டு ஒருவரை அதிலிருந்து காப்பாற்றிவிடும் என்று நினைப்பதும் தவறு. கூடத்தில் ஒரு அவசர வழி பூட்டியிருந்தால் எத்தனை பக்கம் டிக் இருந்தாலும் அது பூட்டிய வழிதான்.

நோட்டை எங்கே வைப்பது என்பதில் சின்னச் சிக்கல் ஒன்று. முதலாளியின் பூட்டிய மேசைக்குள் வைத்தால் செவ்வாய்க்கிழமை அது இல்லாமலேயே சோதனை நடக்கும், எழுதுவது அப்புறம் என்று போய்விடும். இந்த உணவகத்தில் பேனலுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் தொங்குகிறது, பேனாவும் கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது. எரிந்து போகும் இடத்தில் இருக்கிறதே என்ற கவலைக்கு மேலாளர் மாதக் கடைசியில் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து முதலாளியின் மகளுக்கு அனுப்பிவிடுகிறார். அவள் கடைக்கு வருவதில்லை, கணக்குப் பார்ப்பவள். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் ‘அங்கிள், எண் 6 தீயணைப்பானுக்கு இரண்டு மாதமாக ஒரே எழுத்து, எடுத்துப் பார்த்தீர்களா?’ என்று செய்தி அனுப்பியது அவள்தான். பார்த்தபோது மேல்மாடி மண்டபத்தில் வளைகாப்புக்குப் போட்ட திரைச்சீலைக்குப் பின்னால் அது மறைந்திருந்தது. திரை அகற்றப்பட்டது.

குறைப் பக்கத்தில் எண் 12: ‘தீயணைப்பான் 6, அலங்காரத் திரைக்குப் பின்னால். அன்றே சரி. மண்டபம் வாடகைக்கு எடுப்பவரிடம் தரும் தாளில் இதைச் சேர்க்க வேண்டும்.’ அதன் கீழ் வேறு மையில், மூன்று நாள் கழித்து: ‘சேர்த்தாயிற்று.’ பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், ‘அடுத்த செவ்வாய், ஆறாம் பெட்டி.’